விற்பனை முன்கணிப்பு: ஒரு காப்பித்தூள் கடை, மூன்று முறைகள், மூன்று விடைகள்

விற்பனை முன்கணிப்புப் பாடத்திலிருந்து தேர்வில் வரும் கேள்விகள் பெரும்பாலும் இரண்டு வகை. ஒன்று, சில மாத விற்பனையைக் கொடுத்து அடுத்த மாதத்துக்கு எவ்வளவு என்று கேட்கும். மற்றது, ஒரு நிறுவனத்தின் நிலைமையை நாலு வரியில் சொல்லி, எந்த முறை பொருந்தும், ஏன் என்று கேட்கும். முதல் வகையில் மதிப்பெண் போவது கணக்கு தெரியாததால் அல்ல, விடையைத் தவறான மாதத்துக்கு நேராக எழுதுவதால். இரண்டாவதில் மதிப்பெண் போவது மனப்பாடம் செய்த நன்மை தீமைப் பட்டியலை அப்படியே இறக்கிவைப்பதால். இரண்டுக்கும் சேர்த்து ஒரே கடையை எடுத்துக்கொண்டு, நகரும் சராசரி, வாங்குவோரைக் கேட்பது, வல்லுநரைக் கேட்பது என்ற மூன்று முறைகளையும் அதன்மேல் போட்டுப் பார்ப்போம்.

பெங்களூரு அல்சூரில் கொட்டையை வறுத்து அரைத்து ஃபில்டர் காப்பித்தூள் விற்கும் ஒரு கடை என்று வைத்துக்கொள்ளுங்கள். நின்றபடியே சாப்பிட்டுப் போகும் தர்ஷினி ஓட்டல்கள் 30 அதற்கு வாடிக்கை. கடைக்கு வந்து வாங்கிப்போகும் குடும்பங்கள் 250. ஜனவரி முதல் ஆகஸ்ட் வரை விற்றது, கிலோவில்: 520, 500, 480, 490, 470, 540, 550, 590. செப்டம்பருக்கு எவ்வளவு வறுக்க வேண்டும்? வறுத்த தூள் நாளாக ஆக மணம் இழக்கும், கூடுதலாக வறுத்தால் நட்டம். குறைவாக வறுத்தால் ஓட்டல்காரர் அடுத்த தெருவுக்குப் போய்விடுவார். எண்கள் எல்லாம் உதாரணத்துக்காக அமைத்தவை.

நகரும் சராசரி: எந்த மாதத்துக்கு நேராக எழுதுவது?

கடந்த மூன்று மாத விற்பனையைக் கூட்டி மூன்றால் வகுத்தால் மூன்று மாத நகரும் சராசரி. அடுத்த மாதம் வந்ததும் பழைய மாதம் ஒன்றை விட்டுவிட்டுப் புதியதைச் சேர்க்கிறோம். சராசரி நகர்வது இப்படித்தான். ஜனவரி, பிப்ரவரி, மார்ச் கூட்டினால் 1500, மூன்றால் வகுத்தால் 500.

இந்த 500 யாருடையது? இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள். புள்ளியியல் பாடத்தில் காலத்தொடரின் போக்கைக் கண்டுபிடிக்கச் சொன்னால், அந்த 500 பிப்ரவரிக்கு நேராகப் போகும், ஏனென்றால் அது அந்த மூன்று மாதங்களின் நடுப்புள்ளியை விவரிக்கிறது. முன்கணிப்புக் கேள்வியில் அதே 500 ஏப்ரலுக்குப் போகும். மார்ச் கடைசியில் உட்கார்ந்திருக்கும் கடைக்காரரிடம் இருக்கும் தகவல் அவ்வளவுதான், அதை வைத்து அவர் அடுத்த மாதத்தைச் சொல்கிறார். ஒரே எண், இரண்டு இடம். கேள்வியில் ‘டிரெண்ட்’ என்று இருந்தால் நடுவில், ‘ஃபோர்காஸ்ட்’ என்று இருந்தால் அடுத்த மாதத்தில். இந்த ஒரு சொல்லைப் பார்த்துவிட்டுப் பேனாவை எடுங்கள்.

முழு அட்டவணை இப்படி வரும். பிழை என்பது உண்மையில் விற்றதிலிருந்து முன்கணிப்பைக் கழித்தது.

| மாதம் | விற்பனை | 3 மாத முன்கணிப்பு | பிழை |
|---|---|---|---|
| ஜனவரி | 520 | – | – |
| பிப்ரவரி | 500 | – | – |
| மார்ச் | 480 | – | – |
| ஏப்ரல் | 490 | 500 | −10 |
| மே | 470 | 490 | −20 |
| ஜூன் | 540 | 480 | +60 |
| ஜூலை | 550 | 500 | +50 |
| ஆகஸ்ட் | 590 | 520 | +70 |
| செப்டம்பர் | ? | 560 | |

செப்டம்பருக்கு விடை 560 கிலோ. பலர் இத்தோடு நிறுத்திவிடுவார்கள். ஆனால் பிழை என்ற பத்தியை ஒரு நிமிடம் பாருங்கள், மீதி மதிப்பெண் அங்கேதான் கிடக்கிறது. விற்பனை இறங்கிக்கொண்டிருந்த ஏப்ரல், மே மாதங்களில் முன்கணிப்பு உண்மைக்கு மேலே இருந்தது. ஏறத் தொடங்கிய பிறகு மூன்று மாதமும் கீழேயே இருக்கிறது. சராசரி எப்போதும் பின்னால் ஓடிவரும். விற்பனை மாதம் ஒரே அளவு ஏறிக்கொண்டே போனால், மூன்று மாத சராசரி சரியாக இரண்டு மாத ஏற்றம் பின்தங்கும், ஐந்து மாத சராசரி மூன்று மாத ஏற்றம் பின்தங்கும். எத்தனை மாதச் சராசரியோ அந்த எண்ணோடு ஒன்றைக் கூட்டி இரண்டால் வகுத்தால் எத்தனை மாதம் பின்தங்கும் என்று கிடைத்துவிடும். ‘போக்கு இருக்கும் இடத்தில் எளிய நகரும் சராசரி பொருந்தாது’ என்று எழுதுவதைவிட, ஜூன், ஜூலை, ஆகஸ்ட் மூன்றிலும் பிழை கூட்டல் குறியோடு வந்திருப்பதைக் காட்டி எழுதினால் திருத்துபவருக்கு உங்கள் புரிதல் தெரியும்.

பிழையை அளக்கச் சொன்னால், குறியை விட்டுவிட்டுக் கூட்டி, மாத எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். 10, 20, 60, 50, 70 சேர்ந்தால் 210, ஐந்தால் வகுத்தால் 42 கிலோ. குறியோடு கூட்டினால் 150 வரும், சராசரி +30. இரண்டும் வேறு வேறு செய்தி சொல்கின்றன. 42 என்பது எவ்வளவு தவறுகிறோம் என்று சொல்கிறது, +30 என்பது எந்தப் பக்கம் சாய்ந்து தவறுகிறோம் என்று சொல்கிறது. குறியோடு கூட்டிய எண் பூச்சியம் அருகே வந்தால் முன்கணிப்பு துல்லியம் என்று எழுதிவிடாதீர்கள். ஒரு மாதம் 100 கூடுதலாகவும் அடுத்த மாதம் 100 குறைவாகவும் தவறினாலும் அது பூச்சியம்தான்.

‘மூன்று மாதமா, ஐந்து மாதமா, எது சிறந்தது?’ என்று கேட்பதும் உண்டு. ஐந்து மாத முன்கணிப்பு ஜூனுக்குத்தான் முதலில் கிடைக்கும்: முதல் ஐந்து மாதக் கூட்டல் 2460, சராசரி 492. ஜூலைக்கு 496, ஆகஸ்டுக்கு 506, செப்டம்பருக்கு 528. பிழைகள் 48, 54, 84, சராசரி 62. உடனே 42ஐயும் 62ஐயும் பக்கத்தில் வைத்து மூன்று மாத முறைதான் பெரிதும் மேல் என்று எழுதத் தோன்றும். அது நியாயமான ஒப்பீடு அல்ல. மூன்று மாத முறைக்கு ஏப்ரல், மே என்ற இரண்டு எளிதான மாதங்கள் கூடுதலாகக் கிடைத்திருக்கின்றன. இரண்டுக்கும் பொதுவான ஜூன், ஜூலை, ஆகஸ்ட் மூன்றை மட்டும் எடுத்தால் மூன்று மாத முறையின் பிழை 60, ஐந்து மாத முறையின் பிழை 62. மூன்று மாத முறைதான் மேல், ஆனால் மயிரிழையில். ஒப்பிடும்போது ஒரே மாதங்களை வைத்தே ஒப்பிட வேண்டும் என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

காலத்தைக் குறைத்தால் சராசரி மாற்றத்துக்குச் சீக்கிரம் அசையும், ஆனால் தற்செயலான ஒரு பெரிய ஆர்டருக்கும் ஆடிவிடும். ஒரு கல்யாண சமையல்காரர் ஒரே தடவை 60 கிலோ வாங்கிப்போனால் மூன்று மாத சராசரி அடுத்த மூன்று மாதத்துக்கு 20 கிலோ உயர்ந்தே நிற்கும், பிறகு திடீரென்று இறங்கும். ஆறு மாத சராசரியில் அதே ஆர்டர் 10 கிலோதான், ஆனால் ஆறு மாதம் தங்கும்.

எடையிட்ட சராசரி கேட்டால் அண்மை மாதத்துக்குப் பெரிய எடை. எடைகள் 1, 2, 3 என்றால் ஜூனுக்கு 1, ஜூலைக்கு 2, ஆகஸ்டுக்கு 3. 540, 1100, 1770 சேர்ந்து 3410. இதை ஆறால் வகுக்க வேண்டும், மூன்றால் அல்ல, எடைகளின் கூட்டுத்தொகை ஆறு. விடை 568.3 கிலோ. மூன்றால் வகுத்தால் 1137 வரும். மாதம் 600 கிலோவைத் தொடாத கடைக்கு 1137 கிலோவா என்று அந்த இடத்திலேயே பேனா நிற்க வேண்டும்.

நான்கு மாதம் என்று இரட்டைப்படையில் போக்குக் கேள்வி வந்தால் நடுப்புள்ளி பிப்ரவரிக்கும் மார்ச்சுக்கும் இடையில் விழும். முதல் நான்கின் சராசரி 497.5, ஒரு மாதம் நகர்ந்து பிப்ரவரி முதல் மே வரை எடுத்தால் சராசரி 485. இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்தால் 491.25, அது மார்ச்சுக்கு நேராக. முன்கணிப்புக் கேள்வியில் இந்த வேலையே தேவையில்லை. 497.5 நேராக மே மாதத்துக்குப் போய்விடும்.

வாங்குவோரைக் கேட்டால்

வினாத்தாளில் இது ‘சர்வே ஆஃப் பையர்ஸ் இன்டென்ஷன்ஸ்’ என்று வரும். எல்லாரையும் கேட்டால் முழுக் கணக்கெடுப்பு, சிலரை மட்டும் கேட்டால் மாதிரி ஆய்வு. நம் கடைக்கு இரண்டும் வேண்டும். ஓட்டல்கள் முப்பதுதான், ஒரு வாரத்தில் எல்லாரையும் கேட்டுவிடலாம். 250 குடும்பங்களை அப்படிக் கேட்க முடியாது, 50 பேரைக் கேட்போம்.

ஓட்டல்களில் 12 பேர் நிச்சயம் வாங்குவோம் என்று 240 கிலோ சொல்கிறார்கள். 10 பேர் அநேகமாக வாங்குவோம் என்று 150 கிலோ. 8 பேர் பார்க்கலாம் என்று 100 கிலோ. மொத்தம் 490. இதை அப்படியே எழுதினால் தவறு. வாங்குவேன் என்பது வேறு, வாங்குவது வேறு. கேட்கிறவர் முகத்தைப் பார்த்து இல்லை என்று சொல்லத் தயங்கிப் பார்க்கலாம் என்பவர்கள் எத்தனை பேர்! அதனால் ஒவ்வொரு பதிலுக்கும் ஒரு நிகழ்தகவு தர வேண்டும். அந்த நிகழ்தகவு நம் மனத்திலிருந்து வரக்கூடாது, முந்தைய மாதங்களில் அப்படிச் சொன்னவர்கள் உண்மையில் எவ்வளவு வாங்கினார்கள் என்ற பதிவிலிருந்து வர வேண்டும். கேள்வியில் 0.95, 0.8, 0.4 என்று கொடுத்திருந்தால்: 228, 120, 40, சேர்த்து 388 கிலோ. சொன்னதற்கும் எதிர்பார்ப்பதற்கும் நடுவே 102 கிலோ இடைவெளி. ஆம், இல்லை என்று மட்டும் கேட்காமல் பூச்சியம் முதல் பத்து வரை அளவுகோலில் வாங்கும் வாய்ப்பைக் கேட்கும் வழக்கத்தை 1966இல் ஜஸ்டர் என்ற பொருளியலாளர் முன்வைத்தார். பெரிய கேள்வியில் அந்தப் பெயரை ஒரு வரியில் சேர்க்கலாம்.

குடும்பங்களுக்கு வருவோம். 50 வீட்டில் கேட்டதில் மொத்தம் 42 கிலோ. வீட்டுக்கு 0.84, அதை 250ஆல் பெருக்கினால் 210 கிலோ. ஓட்டல் 388, குடும்பம் 210, ஆக 598.

இதில் கேள்வி தயாரிப்பவர் வைக்கக்கூடிய பொறி பதில் தராதவர்கள். 50 பேரைக் கேட்டு 40 பேர்தான் பதில் சொன்னார்கள், அவர்கள் சொன்னது 42 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐம்பதால் வகுத்தால், பதில் சொல்லாத பத்துப் பேரும் காப்பியே குடிப்பதில்லை என்று நீங்களே முடிவு கட்டியதாகிறது. நாற்பதால் வகுத்தால் வீட்டுக்கு 1.05, மொத்தம் 262.5 கிலோ. நாற்பதால்தான் வகுக்க வேண்டும். ஆனால் பதில் சொன்னவர்கள் மாதிரியேதான் சொல்லாதவர்களும் வாங்குவார்கள் என்ற அனுமானத்தை விடையில் வெளிப்படையாக எழுதுங்கள். அந்த அனுமானம் எப்போதும் நிற்காது. ஞாயிற்றுக்கிழமை காலை கடை வாசலில் நின்று கேட்டால் அடிக்கடி வந்து வாங்குகிறவர்களே அதிகம் மாட்டுவார்கள். அதை 250ஆல் பெருக்கினால் எண் ஊதிப்போகும்.

இந்த முறை நன்றாக வேலை செய்வது வாங்குவோர் சிலராக இருந்து, முன்கூட்டியே திட்டமிட்டு வாங்குகிற இடத்தில். இயந்திரம், மூலப்பொருள், ஓட்டல்களுக்கு மொத்த விற்பனை போன்றவை அப்படி. வீட்டுக்காரரிடம் ஆறு மாதம் கழித்து எவ்வளவு காப்பித்தூள் வாங்குவீர்கள் என்று கேட்டால் அவருக்கே தெரியாது.

வல்லுநரைக் கேட்டால்

இங்கே மூன்று வெவ்வேறு ஏற்பாடுகள் ஒரே பெயரில் உலவுகின்றன. விற்பனையாளர்கள் தத்தம் பகுதிக்குச் சொல்வதைக் கூட்டுவது ஒன்று. மேலாளர்கள் ஒரே மேசையில் உட்கார்ந்து பேசி முடிவெடுப்பது இன்னொன்று. வெளி வல்லுநர்களிடம் தனித்தனியாக, பெயர் தெரியாமல், பல சுற்றுகளாகக் கேட்பது டெல்ஃபி. சில பாடத்திட்டங்களில் விற்பனையாளர் கருத்து ‘கலெக்டிவ் ஒபினியன்’ என்று தனித் தலைப்பாக வரும், ‘எக்ஸ்பர்ட் ஒபினியன்’ என்பதற்குள் அடங்காது. சி.ஏ. ஃபவுண்டேஷன் எழுதுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். கொள்குறி வினாவில் இரண்டும் தனித்தனி விடைகளாக எதிரே நிற்கும்.

விற்பனையாளருக்குக் களம் தெரியும், ஆனால் அவர் சொல்லும் எண்ணே நாளைக்கு அவருடைய இலக்கு. அதனால் குறைத்துச் சொல்வார். மல்லேஸ்வரம், அல்சூர், ஜெயநகர் பகுதிகளைப் பார்க்கும் மூன்று பேர் சேர்ந்து 540 கிலோ என்கிறார்கள். முன்பு அவர்கள் சொன்னது சராசரியாக உண்மை விற்பனையில் 90 சதவீதம். திருத்திய முன்கணிப்பு 540ஐ 0.9ஆல் வகுத்தால் வரும் 600. பத்து சதவீதம் குறைத்தார்கள், பத்து சதவீதம் கூட்டுவோம் என்று 594 எழுதுவது அடிக்கடி நடக்கும் பிழை. 600இல் 90 சதவீதம்தான் 540, 594இல் 90 சதவீதம் 534.6.

டெல்ஃபி முறை 1950களில் அமெரிக்காவின் ராண்ட் நிறுவனத்தில் உருவானது. ஹெல்மர், டால்கி இருவர் பெயரும் அதோடு சேர்ந்தது. ஏன் பெயரை மறைக்கிறார்கள்? ஒரே அறையில் உட்கார வைத்தால் மூத்தவர் ஒரு எண் சொன்னதும் மற்றவர்கள் அதன் பக்கம் சாய்வார்கள். சொன்ன எண்ணை எல்லார் முன்னிலும் மாற்றிக்கொள்ளவும் கூச்சப்படுவார்கள். பெயர் தெரியாவிட்டால் இரண்டும் இல்லை.

படிகள் இப்படிப் போகும். ஐந்து பேருக்கு ஒரே கேள்வியை எழுத்தில் அனுப்புகிறோம். முதல் சுற்றில் வந்தவை 540, 560, 580, 600, 720. நடு எண் 580, சராசரி 600. 720 சொன்ன ஒருவர் தனியாக நின்று சராசரியை நடு எண்ணுக்கு 20 கிலோ மேலே இழுத்துவிட்டார், அதனால்தான் டெல்ஃபியில் பெரும்பாலும் நடு எண்ணை எடுக்கிறார்கள். அடுத்து, நடு எண்ணையும் கருத்துகள் பரவியிருக்கும் எல்லையையும் எல்லாருக்கும் அனுப்பி, ஓரத்தில் நிற்பவர்களிடம் காரணம் கேட்கிறோம். 720 சொன்னவர், மழைக்காலம் முடியும்வரை காப்பி குடிப்பது கூடும், புதிதாக இரண்டு ஓட்டல்களும் வருகின்றன என்று எழுதுகிறார். அந்தக் காரணம் அவர் பெயர் இல்லாமல் மற்றவர்களுக்குப் போகிறது. இரண்டாம் சுற்றில் 560, 570, 585, 600, 640. நடு எண் 585. எல்லை 180இலிருந்து 80ஆகச் சுருங்கியிருக்கிறது. இன்னொரு சுற்றில் நடு எண் பெரிதாக அசையாவிட்டால் நிறுத்தலாம்.

இங்கே ஒரு எச்சரிக்கை. எல்லை சுருங்கினால் விடை சரி என்று பொருள் அல்ல. ஐந்து பேரும் ஒரே தவறை நோக்கி நகர்ந்தாலும் எல்லை சுருங்கும். ‘டெல்ஃபியின் குறை’ என்று கேட்டால், நேரம் எடுக்கும், செலவு ஆகும் என்பவற்றுக்கு முன்னால் இதை எழுதுங்கள்.

560, 598, 585: எதைச் சொல்வது?

மூன்றையும் கூட்டி மூன்றால் வகுத்து 581 என்று முடித்துவிடுவது சோம்பல். ஒவ்வொரு எண்ணுக்குள்ளும் என்ன இல்லை என்று கேளுங்கள். நகரும் சராசரிக்குள் புதிய ஓட்டல்கள் இல்லை, ஏறும் போக்கும் முழுதாக இல்லை. கடைசி மூன்று மாதமும் அது 50 முதல் 70 கிலோ வரை குறைத்தே சொல்லியிருக்கிறது. எனவே 560 இங்கே கீழ் எல்லை. கணக்கெடுப்புக்குள் இன்னும் திறக்காத ஓட்டல் இல்லை, ஆனால் இருக்கிற 30 ஓட்டல்களின் மனசு இருக்கிறது. வல்லுநர் கருத்துக்குள் இரண்டும் கொஞ்சம் கொஞ்சம் இருக்கின்றன, ஆனால் யார் எந்த அளவு என்று பிரித்துக் காட்ட முடியாது. ஒரு மாத முன்கணிப்பு, 30 ஓட்டல்களையும் முழுதாகக் கேட்டாயிற்று, நிகழ்தகவும் பதிவிலிருந்து வந்தது என்ற இந்த நிலைமையில் 598ஐ நம்பலாம், 585 அதற்குச் சற்று எச்சரிக்கையான துணை. இப்படிக் காரணத்தோடு எழுதினால் எண் இரண்டு கிலோ முன்பின் இருந்தாலும் யாரும் கேட்க மாட்டார்கள்.

நிலைமைக் கேள்விகளில் குறிப்புச் சொற்களைத் தேடுங்கள். ‘புதிய பொருள்’ என்றால் நகரும் சராசரி அங்கேயே வெளியே போய்விடுகிறது, சராசரி எடுக்கக் கடந்த காலமே இல்லை. ‘வாங்குவோர் சிலர், தொழிற்சாலைகள்’ என்றால் வாங்குவோரைக் கேட்பது. ‘தேவை நிலையாக இருக்கிறது, அடுத்த மாதத்துக்கு வேண்டும், செலவு குறைவாக இருக்க வேண்டும்’ என்றால் நகரும் சராசரி. ‘பத்து ஆண்டு, தொழில்நுட்ப மாற்றம்’ என்றால் டெல்ஃபி. இரண்டு குறிப்புகள் எதிரெதிராக வந்தால், உதாரணமாகப் புதிய பொருள் ஆனால் வாங்குவோர் லட்சக்கணக்கில் என்றால், மாதிரி ஆய்வையும் வல்லுநர் கருத்தையும் சேர்த்துப் பரிந்துரையுங்கள். எது எந்தக் குறையை நிரப்புகிறது என்று சொல்லத் தவறாதீர்கள்.

கடைசியாக, அக்டோபர் அல்லது நவம்பர் மாதத்துக்குக் கேட்டால் நாட்காட்டியைப் பாருங்கள். தசராவும் தீபாவளியும் வரும் மாதத்தை மூன்று மாத சராசரியால் சொல்ல முடியாது, பண்டிகை அதன் கணக்கில் இன்னும் நுழைந்திருக்காது. பண்டிகை முடிந்த மாதத்திலோ அது கூடுதலாகச் சொல்லிவிடும். பன்னிரண்டு மாத சராசரி எடுத்தாலும் சிக்கல் தீராது, அது பருவ ஏற்ற இறக்கத்தையே தேய்த்துச் சமன் செய்துவிடும். சராசரி மாதத்தை 100 என்று வைத்து அந்த மாத விற்பனையைச் சொல்லும் பருவக் குறியீடு கேள்வியில் கொடுத்திருந்தால், சராசரியை அதனால் பெருக்க வேண்டும். குறியீடு 115 என்றால் பெருக்குவது 1.15ஆல்.